சம்பில் இருந்து உறிஞ்சும் பம்பி கல் அரைப்பதுபோல் கத்துகிறதா? கேவிட்டேஷனைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது எப்படி

திருகோணமலையில் வீட்டுக்கும் விடுதிக்கும் தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். குழாய்த் தண்ணீர் நிலத்தடிச் சம்பில் விழும். அங்கிருந்து ஒரு பம்பி அதை உறிஞ்சி மாடியில் உள்ள கறுப்புத் தாங்கிக்கு ஏற்றும். சம்ப் நிலத்துக்குக் கீழே, பம்பி நிலத்துக்கு மேலே. மார்கழி மழைக்கு வெள்ளம் நிற்கும் இடங்களில் பம்பியை இன்னும் உயர்த்தி, சீமெந்து மேடையிலோ சுவரில் அடித்த இரும்புத் தட்டிலோ வைப்பார்கள். மோட்டர் நனையாமல் இருக்க அது சரியான ஏற்பாடுதான். ஆனால் பம்பி தண்ணீரில் இருந்து மேலே போகப் போக, இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் பிரச்சினையும் கிட்ட வருகிறது.

பம்பி ஓடும்போது உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும். தண்ணீர் வரத்துக் குறையும். சில மாதங்களில் சீல் ஒழுகும். கழற்றிப் பார்த்தால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வாய்ப்பக்கம் அரித்து, சிறு சிறு குழிகளாக இருக்கும். கேவிட்டேஷன் என்று சொல்வது இதைத்தான். இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெரும்பாலானோர் மோட்டரை மாற்றுகிறார்கள், அதுவும் முன்னதைவிடப் பெரிதாக. காரணம் மோட்டரில் இல்லை, உறிஞ்சு குழாயில் இருக்கிறது. பெரிய மோட்டர் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று முதலில் பார்ப்போம்.

பம்பி தண்ணீரை இழுப்பதில்லை

பம்பி தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சம்பில் உள்ள தண்ணீரின் மேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்வழியே பம்பிக்குத் தள்ளிக் கொடுக்கிறது. கடல் மட்டத்தில் அந்தத் தள்ளலின் மொத்த அளவு 10.3 மீற்றர் உயரத் தண்ணீருக்குச் சமன். திருகோணமலை கடலோரம் என்பதால் நமக்கு இது முழுதாகக் கிடைக்கிறது. நுவரெலியாவில் சுமார் 8.2 மீற்றர்தான்.

இந்த 10.3இல் இருந்து மூன்று விஷயங்கள் கழிகின்றன. முதலாவது, தண்ணீர் மட்டத்தில் இருந்து பம்பியின் நடு வரை உள்ள உயரம். இரண்டாவது, குழாயிலும் எல்போவிலும், குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபூட் வால்விலும் தண்ணீர் உரசிக்கொண்டு வருவதால் போகும் இழப்பு. மூன்றாவது, தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிச்சம் வைக்க வேண்டிய அளவு. நம்மூர் 30 பாகை வெப்பத்தில் அது 0.4 மீற்றர். 40 பாகையில்கூட 0.75 மீற்றர்தான் என்பதால், சாதாரண வீட்டுத் தண்ணீருக்கு இதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். சூடான தண்ணீரை ஏற்றுபவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். 60 பாகையில் அது 2 மீற்றரைத் தின்றுவிடும்.

மூன்றையும் கழித்த பிறகு பம்பியின் வாயில் மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பம்பிக்கும் அங்கே ஒரு குறைந்தபட்ச மிச்சம் தேவை. பம்பியின் தரவுத்தாளில் வரைபடத்தோடு என்.பி.எஸ்.எச். என்று போட்டிருப்பது அந்தத் தேவையைத்தான். மிச்சம் அதற்குக் கீழே போனால், இம்பெல்லரின் வாயில் தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக் குமிழியாகிறது. அந்தக் குமிழி இம்பெல்லரின் இறக்கைக்குள் போனதும் அங்கே அழுத்தம் கூடுவதால் சட்டென்று நொறுங்குகிறது. நாம் கேட்கும் சத்தம் அந்த நொறுங்கல்தான். உலோகத்தில் குழி விழுவதும் அதனால்தான்.

பெரிய மோட்டர் ஏன் உதவாது என்பது இப்போது விளங்கும். பெரிய பம்பி நிமிடத்துக்கு அதிக லீற்றர் கேட்கும். அதே குழாயில் அதிகத் தண்ணீர் ஓடினால் உரசல் இழப்பு ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். பம்பிக்குத் தேவையான மிச்சமும் ஓட்டத்தோடு கூடும். ஆக, கிடைப்பது குறைகிறது, தேவை கூடுகிறது.

பம்பியின் பெட்டியில் "8 மீற்றர் வரை உறிஞ்சும்" என்று ஒட்டியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த 8 மீற்றருக்குள் குழாயின் உரசலும் அடங்க வேண்டும். கிணற்றின் ஆழம் மட்டும் அல்ல.

முதல் படி: இது கேவிட்டேஷனா, காற்றா?

உறிஞ்சு குழாயில் எங்காவது காற்று நுழைந்தாலும் பம்பி சத்தம் போடும், தண்ணீர் குறையும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மேல் தாங்கியில் விழும் தண்ணீரைக் கண்ணாடி ஜாடி ஒன்றில் பிடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்து, சற்று நேரத்தில் குமிழிகள் மேலே போய்த் தெளிந்தால் காற்று நுழைகிறது. கேவிட்டேஷனில் தண்ணீர் பொதுவாகத் தெளிவாகவே வரும். ஆவிக் குமிழி பம்பிக்குள்ளேயே நொறுங்கிவிடுவதால் தாங்கி வரை அது வருவதில்லை.

அடுத்ததாக, பம்பிக்குப் பிறகு மேலே போகும் குழாயில் உள்ள கேட் வால்வை மெல்ல மெல்லப் பூட்டுங்கள். பாதிக்கு மேல் பூட்டும்போது கல் உருளும் சத்தம் அடங்கி ஓட்டம் சீரானால், அது கேவிட்டேஷன்தான். ஓட்டம் குறைந்ததும் உரசல் இழப்பும் பம்பியின் தேவையும் சேர்ந்து குறைவதால் சத்தம் நிற்கிறது. காற்றுக் கசிவாக இருந்தால் இவ்வளவு தெளிவான மாற்றம் தெரியாது. முழுக்கப் பூட்டிய நிலையில் பம்பியை ஓடவிட வேண்டாம், உள்ளே உள்ள தண்ணீர் சூடாகிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் வால்வ் ஏதும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அதைக் குறைப்பது கேவிட்டேஷனை நாமே வரவழைப்பதற்குச் சமன்.

காற்றுதான் என்று தெரிந்தால், பம்பி ஓடும்போது ஒவ்வொரு யூனியனிலும் திருகு இணைப்பிலும் கிரீஸைத் தடிப்பாகப் பூசிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாமலே காற்று உள்ளே போகும் என்பதால், ஈரம் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது படி: அளந்து பார்ப்பது

தேவையானவை ஓர் அளவு நாடா, 20 லீற்றர் வாளி, கைபேசியின் நிறுத்து கடிகாரம். முடிந்தால் ஒரு வெற்றிட மானி. கடையில் அதிக விலை இல்லாமல் கிடைக்கும். பாதரச அங்குலத்தில் காட்டும் மானி போதும். மூன்று அங்குலம் என்றால் ஏறத்தாழ ஒரு மீற்றர் தண்ணீர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளியில் ஒரு சிறிய விடுதியில் நான் பார்த்த வேலையையே உதாரணமாகச் சொல்கிறேன். விடுதி நடத்தும் அக்கா கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மோட்டர் மாத்தி ஒரு மாசம்கூட ஆகேல்ல, இதுவும் பழையது மாதிரியே கத்துது. காலமை பரவாயில்ல, பின்னேரம்தான் கூட." அந்தக் கடைசி வசனத்திலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் சம்ப் நிறைந்திருக்கும். பின்னேரம் மட்டம் இறங்கிவிடும். மட்டத்தோடு சத்தமும் மாறுகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே இருந்தது ஒரு குதிரைவலு மையவிலக்குப் பம்பி. தரவுத்தாளின்படி நிமிடத்துக்கு 100 லீற்றர் ஏற்ற வேண்டியது, அந்த ஓட்டத்துக்கு வாயில் 2.5 மீற்றர் மிச்சம் தேவை. பின்னேரம் தண்ணீர் மட்டம் நிலத்துக்குக் கீழே 2.6 மீற்றர். பம்பி நிலத்துக்கு மேலே 1.4 மீற்றரில், சுவர்த் தட்டில். மொத்த உயரம் 4 மீற்றர். உறிஞ்சு குழாய் ஓர் அங்குல பிவிசி, நீளம் 14 மீற்றர், மூன்று எல்போ, அடியில் ஃபூட் வால்வ். பம்பியின் வாய் ஓர் அங்குலம் என்பதால் குழாயையும் ஓர் அங்குலத்திலேயே போட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் நடப்பது இதுதான்.

ஓர் அங்குல பிவிசிக் குழாயில் உள்விட்டம் சுமார் 28 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 100 லீற்றர் அதில் போனால் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 2.7 மீற்றர். உறிஞ்சு குழாயில் 1 மீற்றரை ஒட்டி இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டவே கூடாது. இந்த வேகத்தில் குழாயின் ஒவ்வொரு மீற்றரிலும் 30 சென்ரிமீற்றர் இழப்பு. கணக்கு இப்படி வரும்:

```
குழாய்:        14 × 0.30       = 4.2 மீ
3 எல்போ:                       ≈ 1.0 மீ
ஃபூட் வால்வ்:                  ≈ 0.9 மீ
மொத்த இழப்பு:                  ≈ 6.1 மீ

மிச்சம் = 10.3 − 0.4 − 4.0 − 6.1 = −0.2 மீ
```

பூச்சியத்துக்கும் கீழே. அதாவது இந்தக் குழாயில் 100 லீற்றர் வரவே முடியாது. அப்போது பம்பி என்ன செய்யும்? வாயில் அதன் தேவைக்கு மட்டுமே போதும் அளவுக்கு ஓட்டம் தானாகக் குறையும், அந்த விளிம்பிலேயே குமிழி விட்டுக்கொண்டு ஓடும். மேல் தாங்கியில் வாளி வைத்துப் பிடித்தபோது 20 லீற்றர் நிறைய 16 விநாடி பிடித்தது. 100 லீற்றர் ஓட்டம் என்றால் 12 விநாடியில் நிறைய வேண்டும். ஆக, வந்துகொண்டிருந்தது நிமிடத்துக்கு 75 லீற்றர். மறுநாள் சம்ப் நிறைந்திருந்தபோது அதே வாளி 13 விநாடியில் நிறைந்தது. பம்பி வாயில் பூட்டிய மானி பின்னேரம் 22 அங்குலம் காட்டியது, கிட்டத்தட்ட 7.6 மீற்றர். கணக்கும் மானியும் வாளியும் ஒரே கதையைச் சொன்ன பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

உங்கள் பம்பிக்குத் தரவுத்தாள் கிடைக்காவிட்டால், ஒரு குதிரைவலு அளவிலான வீட்டுப் பம்பிக்கு 3 மீற்றர் தேவை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கிடைக்கும் மிச்சம் தேவையைவிட ஒரு மீற்றராவது கூடுதலாக இருக்கட்டும். ஃபூட் வால்வின் வாயில் குப்பையைத் தடுக்கும் வடியில் பாசி படியும், மட்டம் எதிர்பாராமல் இறங்கும். அந்த ஒரு மீற்றர் அதற்காகத்தான்.

மூன்றாவது படி: திருத்துவது

செலவில்லாத வேலையில் இருந்து தொடங்குங்கள். ஃபூட் வால்வைத் தூக்கி வடியைக் கழுவுங்கள். சம்பின் அடியில் மணலும் சேறும் படிந்து வடியின் துவாரங்களில் பாதி அடைபட்டிருப்பது சாதாரணம். வடி தரையில் இருந்து ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அரை மீற்றராவது மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கல் குறைந்தால் மேலே சுழி விழுந்து காற்றும் சேர்ந்து வரும். சம்புக்குத் தண்ணீர் விழும் குழாய் ஃபூட் வால்வுக்கு நேர் மேலே கொட்டினால் அதையும் எதிர் மூலைக்கு மாற்றுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சம்புக்குள் இறங்குவதாக இருந்தால் பிரேக்கரை நிறுத்தி, மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோட விடுங்கள். மேலே ஆள் இல்லாமல் இறங்கவே வேண்டாம். பூட்டிக் கிடந்த சம்பில் மூச்சுக்குக் காற்றில்லாமல் போகலாம்.

விடுதியில் வடி சுத்தமாகத்தான் இருந்தது. பம்பியைக் கீழே இறக்கினால் இறக்கும் ஒவ்வொரு மீற்றரும் அப்படியே மிச்சத்தில் சேரும். ஆனால் அந்த வளவில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதால் அக்கா அதற்கு உடன்படவில்லை, அது நியாயம். மிஞ்சியது குழாய்தான்.

குழாயின் அளவு மாறும்போது இழப்பு எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதைப் பாருங்கள். ஒன்றேகால் அங்குலத்தில் அதே ஓட்டத்துக்கு மீற்றருக்கு 9 சென்ரிமீற்றர்தான் போகும். ஒன்றரை அங்குலத்தில் வெறும் 3 சென்ரிமீற்றர். விட்டம் அரை அங்குலம்தான் கூடுகிறது, இழப்போ பத்தில் ஒன்றாகிறது. ஒன்றேகால் அங்குலம் போட்டிருந்தாலும் மிச்சம் 4 மீற்றர் வந்திருக்கும், கணக்குக்குப் போதும். ஆனால் வெட்டி ஒட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், குழாய் விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆகவே ஒன்றரை அங்குலம் போட்டோம்.

போடும்போது கவனிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஃபூட் வால்வும் ஒன்றரை அங்குலமாக இருக்க வேண்டும். குழாயைப் பெருப்பித்துவிட்டு அடியில் பழைய ஓர் அங்குல வால்வை, அளவைக் குறுக்கும் ரெடியூசர் வைத்துப் பூட்டினால், நெரிசல் அங்கேயே நிற்கும். படுக்கையாக ஓடும் குழாய் சம்பில் இருந்து பம்பியை நோக்கிச் சற்று ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு விழுந்தால் அதன் உச்சியில் காற்று தங்கிவிடும், பிறகு ஒவ்வொரு முறையும் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிரைம் பண்ணிக் களைத்துப் போவீர்கள். மதிலுக்கு மேலால் ஏற்றி இறக்கிப் போன குழாய்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். சுவரில் ஒரு துளை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

பம்பியின் வாய் ஓர் அங்குலமாகவே இருப்பதால் கடைசியில் குறுக்கத்தான் வேண்டும். படுக்கைக் குழாயில் சாதாரண ரெடியூசர் போட்டால் அதன் மேல்பக்கத்தில் காற்று தங்க இடம் கிடைக்கும். மேல்பக்கம் தட்டையாக உள்ள ரெடியூசர் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால், நேராக மேலே ஏறும் குழாயிலேயே ரெடியூசரை வைத்துவிட்டு, அதற்கு மேல் ஓர் அங்குல எல்போவும் ஒரு சாண் நீள நேர்க்குழாயும் வைத்துப் பம்பியில் இணைக்கலாம். எல்போவைப் பம்பி வாயில் நேரடியாகத் திருகாதீர்கள். வளைவில் புரண்டு வரும் தண்ணீர் அப்படியே இம்பெல்லரில் மோதும்.

விடுதியில் இரண்டாவது முறையைத்தான் செய்தோம். அந்த ஓர் எல்போ மட்டும் சிறிய அளவில் இருப்பதால் 0.3 மீற்றர் கூடுதலாகப் போகிறது. மொத்த இழப்பு 6.1இல் இருந்து 1 மீற்றருக்கு இறங்கியது. மிச்சம் 4.9 மீற்றர், தேவையோ 2.5தான். பிவிசி கம் நன்றாகக் காய்ந்த பிறகு, பெரிய குழாய்க்குப் பிரைம் தண்ணீர் கூடுதலாகத் தேவை என்பதால் நிதானமாக நிரப்பி, பின்னேரம் மட்டம் இறங்கிய நேரமாகப் பார்த்துப் பம்பியைப் போட்டோம். மானி 16 அங்குலத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. வாளி 12 விநாடியில் நிறைந்தது. அக்கா சமையலறையில் இருந்து வந்து, "ஓடுதா?" என்று கேட்டார். சத்தம் அவ்வளவு குறைந்திருந்தது.

குழாய் மாற்றும் வரை சில நாள் பொறுக்க வேண்டியிருந்தால், மேலே போகும் குழாயின் வால்வைச் சத்தம் அடங்கும் அளவுக்குப் பூட்டி ஓட்டுங்கள். தாங்கி நிரம்ப நேரம் எடுக்கும், ஆனால் இம்பெல்லர் தப்பும்.

எப்போது இந்த வழி சரிவராது

தண்ணீர் மட்டத்தில் இருந்து பம்பி வரை 6 மீற்றரைத் தாண்டினால், எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் மிச்சம் 3 மீற்றரைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். அந்த உயரத்துக்கு மேலிருந்து உறிஞ்ச முயல வேண்டாம். சம்புக்குள் அமிழ்ந்து நிற்கும் பம்பியைப் போடுங்கள். அதற்கு மேலே இருந்து தண்ணீரின் பாரமே உதவுவதால் உறிஞ்சும் பிரச்சினையே இல்லை. ஆனால் தண்ணீர் வற்றினால் எரிந்துவிடும் என்பதால் மட்டம் பார்க்கும் மிதவைச் சுவிட்ச் கட்டாயம்.

ஏற்கெனவே இம்பெல்லரில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் குழாயைத் திருத்திய பிறகும் ஓட்டம் முழுதாகத் திரும்பாது, லேசான அதிர்வும் இருக்கும். இம்பெல்லரையும் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். ஆனால் குழாயைத் திருத்திய பிறகே மாற்றுங்கள், முன்னால் அல்ல.

வேலை முடிந்ததும் மானியைக் கழற்றிவிடாமல் அப்படியே விட்டு, சம்ப் நிறைந்திருக்கும்போதும் மட்டம் குறைந்திருக்கும்போதும் அது காட்டும் அளவையும் வாளி நிறையும் விநாடியையும் பம்பி அறைச் சுவரில் மார்க்கரால் எழுதி வையுங்கள். பிறகு ஒருநாள் தண்ணீர் குறைந்தால் அந்த எழுத்தோடு ஒப்பிட்டாலே போதும். அதே மட்டத்தில் மானி கூடுதலாகக் காட்டி ஓட்டம் குறைந்தால் வடி அடைபட்டிருக்கிறது. மானியும் இறங்கி ஓட்டமும் குறைந்தால், காற்று நுழைகிறது அல்லது இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. ஜாடியில் தண்ணீரைப் பிடித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.